ஏன் மாறுகிறேன்? 4,000 கேரக்டருக்குள் சொல்வது எப்படி

செகண்ட் இயர் வந்ததும் "இந்த பிராஞ்ச் நமக்கு இல்லடா" என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசுவது ஒன்றும் புதிதில்லை. பேசி முடித்துவிட்டு மறுநாள் காலை லேபுக்குப் போய்விடுவோம். இங்கே மாறுவதற்கு வழி குறைவு. இருக்கிற வழியிலும் நம்மிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கவுன்சிலிங்கில் நமக்காகக் கட் ஆஃப் பேசியது. பிராஞ்ச் மாற்றம் என்றால் மார்க்கும் காலி இடமும் பேசும். "ஏன் இதை விட்டுவிட்டு அதற்குப் போகிறாய், எழுதிக் கொடு" என்று நம் முன்னால் ஒரு தாளை யாரும் நீட்டியதில்லை.

அதனால்தான் வெளிநாட்டில் புதிய கோர்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகும்போது இந்தத் தாள் நம்மைத் திணற வைக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு தாளைப் பற்றியது. பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே விதி தெளிவாக இருக்கிறது. இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்களில் பெரும்பகுதி யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகவே போகிறது. 2026-ல் சேருபவர்களிடமிருந்து அந்தத் தாளின் வடிவமும் மாறிவிட்டது. முன்பு ஒரே நீளமான கட்டுரையாக எழுதியதை இப்போது மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? இதுவரை படித்தது இதற்கு எப்படித் தயார் செய்திருக்கிறது? வகுப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து ஸ்பேஸ் உட்பட 4,000 கேரக்டர். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 கேரக்டராவது இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் மொத்தம் ஏறக்குறைய அறுநூறு சொச்சம் வார்த்தைகள்தான்.

பிளஸ் டூ முடித்து நேராக விண்ணப்பிப்பவருக்கு இந்த மூன்று கேள்வி போதும். ஏற்கெனவே ஒரு கோர்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அது தாளில் அச்சாகியிருக்காது, ஆனால் படிப்பவர் மனதில் இருக்கும்: இப்போது படிப்பதை ஏன் விடுகிறாய்? அதை மறைக்கவும் முடியாது. முடித்த படிப்பு, முடிக்காத படிப்பு இரண்டையும் விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும். உங்கள் மெக்கானிக்கல் செமஸ்டர்கள் அங்கே பட்டியலில் நிற்கும்போது ஸ்டேட்மென்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், படிப்பவர் தாமாகவே ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார். அந்த ஊகம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது.

ஒரு உதாரணம் வைத்துக்கொண்டு போவோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில், 2021 ரெகுலேஷனில், மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. நான் கற்பனை செய்துகொண்டவள்தான், ஆனால் அவள் படிக்கும் சிலபஸ் நிஜமானது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இளநிலைப் படிப்புக்கு முதலாமாண்டிலிருந்தே சேர விண்ணப்பிக்கிறாள். அவளுடைய முதல் வரைவைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"சிறு வயதிலிருந்தே எனக்குக் கணிதம் என்றால் உயிர். குடும்பத்தின் விருப்பத்துக்காக மெக்கானிக்கல் சேர்ந்தேன். ஆனால் இங்கே ரெக்கார்டு எழுதுவதும் டிராயிங் போடுவதும்தான் அதிகம். சிந்திக்க இடமில்லை. இன்று உலகமே டேட்டாவை நம்பி இயங்குகிறது. எனவே உலகத் தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்து என் கனவை நனவாக்க விரும்புகிறேன்."

பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. அட்மிஷன்ஸ் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேராசிரியர் இதைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு முறை கோர்ஸ் மாறியவள் இரண்டாவது முறையும் மாறுவாளா? "குடும்பத்துக்காகச் சேர்ந்தேன்" என்பது அவள் எப்படி உள்ளே வந்தாள் என்று சொல்கிறது, எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை. "ரெக்கார்டு எழுதுவது அதிகம்" என்பது கல்லூரியைப் பற்றிய குறை. அதற்கு மருந்து வேறு கல்லூரி, வேறு பாடம் இல்லை. "உலகமே டேட்டாவை நம்பி" என்ற வரியில் டேட்டாவுக்குப் பதில் மின்சாரம் என்று போட்டால் அது அப்படியே ட்ரிபிள் ஈ விண்ணப்பம். இந்த சோதனையை உங்கள் வரைவில் ஒவ்வொரு வரிக்கும் செய்து பாருங்கள். பாடத்தின் பெயரை மாற்றிய பிறகும் வரி அலுங்காமல் நின்றால், அது உங்கள் காரணம் இல்லை.

கோர்ஸ் எந்தப் பக்கத்தில் நின்றது?

அப்படியானால் காரணத்தை எங்கே தேடுவது? சிலபஸ் புத்தகத்தில்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை. நீங்கள் படிக்கும் கோர்ஸ் ஏதோ ஒரு யூனிட்டில் உங்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கும், பிறகு அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கும். அந்த இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ஸ்டேட்மென்டில் பாதி முடிந்த மாதிரி.

நம் மாணவிக்கு அந்த இடம் இரண்டாம் செமஸ்டர் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ்' பேப்பரின் இரண்டாவது யூனிட், டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ். நாம் எல்லோரும் படித்ததுதான். லத்தீன் சதுரம் போட்டு, எஃப் மதிப்பு கண்டுபிடித்து, டேபிளில் பார்த்து, "ஹைப்போதெசிஸ் ஏற்கப்படுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். அவள் போகவில்லை. ஹாஸ்டல் மாடிப்படியில் நிஜமாகவே ஒரு சோதனை செய்து பார்த்தாள். காகிதத்தில் ஹெலிகாப்டர் வெட்டி மேலிருந்து விட்டால் சுற்றிக்கொண்டே இறங்கும். இறக்கையின் நீளம் மூன்று விதம், காகிதம் மூன்று விதம், மேலிருந்து விடும் ஆள் மூன்று பேர். எல்லாச் சேர்க்கையையும் பார்க்க 27 முறை விட வேண்டும். லத்தீன் சதுரத்தில் 9 முறை போதும். வரிசைக்கு ஒரு காகிதம், நிரலுக்கு ஒரு ஆள், ஒவ்வொரு இறக்கை நீளமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒரே ஒரு முறை வரும்.

விட்டாள், போன் ஸ்டாப்வாட்சில் நேரம் குறித்தாள், கணக்குப் போட்டாள். நீள இறக்கை மெதுவாக இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது. இறக்கை நீளத்துக்கு எஃப் மதிப்பு 11 வந்தது. டேபிளைத் திறந்தால் அங்கே 19.00 என்று இருக்கிறது. 11 அதைவிடச் சிறியது. ஆகவே, பாடப்படி, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை."

இங்கேதான் அவளுக்கு உறுத்தியது. கண்ணால் பார்த்ததைக் கணக்கு இல்லை என்கிறதே? 19 எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். ஒன்பது அளவீடு என்றால் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் எட்டு. காகிதம், ஆள், இறக்கை மூன்றும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டால் பிழையை மதிப்பிட மிச்சம் இருப்பது வெறும் இரண்டு. அவ்வளவு குறைந்த தகவலை வைத்துப் பிழையை அளந்தால், டேபிள் ரொம்ப எச்சரிக்கையாக இருக்கிறது. அதே 27 முறையும் விட்டிருந்தால், அதே அனுமானங்களோடு, பிழைக்கு 20 மிஞ்சியிருக்கும். தாண்ட வேண்டிய எண் 19-லிருந்து 3.49-க்கு இறங்கியிருக்கும். ஆக அவளுடைய கேள்வி இது: இறக்கை நீளத்துக்கு உண்மையிலேயே விளைவு இல்லையா, அல்லது விளைவு இருந்தும் அதைப் பார்க்க முடியாத அளவுக்கு என் சோதனை சின்னதா? இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

நல்ல கேள்வி. ஆனால் அந்த பேப்பர் அடுத்த யூனிட்டில் சமன்பாடுகளின் தீர்வுக்கும் ஐகன்வேல்யூவுக்கும் போய்விடுகிறது. மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். மெக்கானிக்கலுக்கு அதோடு கட்டாயக் கணித பேப்பர் முடிந்தது. பிறகு தெர்மல், தியரி ஆஃப் மெஷின்ஸ், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்று போகும். இதில் மெக்கானிக்கலின் தப்பு எதுவும் இல்லை. ஒரு மெஷினை வடிவமைக்கப் போகிறவருக்கு அதுதான் தேவை. கோர்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, அவளுடைய கேள்வி அதற்கு வெளியே போய்விட்டது. ஸ்டேட்மென்டில் பழைய கோர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். திட்டவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். தமிழில் சொன்னால்:

"நான் படிக்கும் மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் புள்ளியியல், இரண்டாம் செமஸ்டரில் இரண்டு யூனிட்டுகளாக வந்து முடிகிறது. ஒரு சோதனை விளைவைக் கண்டுபிடிக்கத் தவறினால் அது இயற்கையின் பதிலா, சோதனையின் பலவீனமா என்ற கேள்வி எனக்கு அங்கே தொடங்கியது. மூன்றாம் செமஸ்டருக்குப் பிறகு என் கோர்ஸில் கட்டாயக் கணிதம் இல்லை. அந்தக் கேள்வியைத் தொடர எனக்கு இடம் இல்லை."

ஆங்கிலத்தில் இது சுமார் 400 கேரக்டருக்குள் அடங்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் பழைய கோர்ஸுக்கு இடம் கொடுக்காதீர்கள். விட்டுவிட்டுப் போகிற வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், போகிற வீட்டைப் பற்றிப் பேச இடம் இருக்காது.

"மைனராப் படிச்சா போதாதா?"

இந்தக் கேள்வியை அந்தப் பேராசிரியர் கேட்பதற்கு முன்னால் உங்கள் அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாமல் ஸ்டேட்மென்ட் எழுத உட்காராதீர்கள். 2021 ரெகுலேஷனிலேயே கூடுதல் கிரெடிட் எடுத்து மைனர் டிகிரி வாங்க வழி இருக்கிறது. சென்னை ஐஐடி-யின் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பை இன்னொரு டிகிரியோடு சேர்த்தே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க யுஜிசி 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டது. ஆகவே "எனக்கு டேட்டா அனாலிசிஸ் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பது மட்டும்தான் உங்கள் காரணம் என்றால், அதற்கு மெக்கானிக்கலை விட வேண்டியதில்லை. இதை நேர்மையாக யோசித்த பிறகு சிலர் மாறாமலே இருந்துவிடலாம். அதில் பெரிய செலவும் இரண்டு வருடமும் மிச்சம்.

நம் மாணவிக்கு என்ன பதில் இருக்கிறது என்று பார்ப்போம். புதிய கோர்ஸ் எதைக் கொடுக்கிறது என்ற பகுதி இந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

முதல் செமஸ்டர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பேப்பரில் குவாட்ராடிக் ஃபார்மை கனானிக்கல் ஃபார்முக்குக் கொண்டுபோவது நினைவிருக்கிறதா? அணி, ஐகன்வெக்டர், கடைசியில் வெறும் வர்க்கங்களின் கூட்டல். எதற்கு என்று தெரியாமலே பெரிய மார்க் கேள்வியாகப் போட்டுவிட்டு வந்திருப்போம். இரண்டாம் செமஸ்டர் லத்தீன் சதுரத்தில் மொத்த வேறுபாட்டை வரிசை, நிரல், சிகிச்சை, பிழை என்று வர்க்கக் கூட்டல்களாகப் பிரிக்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கணக்குகள் மாதிரி இருக்கும். உண்மையில் அந்த வர்க்கக் கூட்டல் ஒவ்வொன்றும் ஒரு குவாட்ராடிக் ஃபார்ம்தான். அவை எப்போது ஒன்றையொன்று சாராமல் பிரியும், ஏன் அவற்றின் விகிதத்தை எஃப் டேபிளோடு ஒப்பிடலாம் என்பதைச் சொல்வது 1934-ல் வந்த காக்ரன் தேற்றம். அதாவது முதல் செமஸ்டர் கணக்குதான் இரண்டாம் செமஸ்டர் டேபிளுக்கு அடித்தளம். நம் சிலபஸில் இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு இல்லை.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இளநிலைப் படிப்புகளில் அந்தக் கதவுக்கு 'லீனியர் மாடல்ஸ்' என்று பெயர். அதற்கு முன்னால் நிகழ்தகவையும் இன்ஃபெரன்ஸையும் நிரூபணத்தோடு படித்திருக்க வேண்டும். சோதனையின் பலம், அதாவது பவர் என்ற கருத்து இன்ஃபெரன்ஸில்தான் வருகிறது. அவள் தேடுவது டேட்டாவை வைத்து என்ன செய்யலாம் என்ற கருவிப்பெட்டியை இல்லை. கருவி எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ளும் அடித்தளத்தை. அதை நான்கைந்து கூடுதல் பேப்பர்களில் வாங்க முடியாது, வரிசையாகத்தான் ஏற வேண்டும். முதலாமாண்டிலிருந்தே தொடங்க அவள் சம்மதிப்பதும் இதனால்தான். விண்ணப்பத்தில் எந்த ஆண்டில் சேருகிறீர்கள் என்று கேட்கும் இடம் இருக்கிறது. பக்கத்துத் துறைக்கு மாறுபவர்கள் இரண்டாம் ஆண்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நம் மெக்கானிக்கல் கணிதத்தில் நிரூபணங்கள் கொண்ட அனாலிசிஸ் கிடையாது, ஸ்டாட்டிஸ்டிக்ஸின் முதலாமாண்டு அதன் மேல்தான் நிற்கிறது. "ஒரு வருடத்தை இழக்க மனமில்லை" என்பதற்காக இரண்டாம் ஆண்டைக் கேட்டால், அந்தப் பாடத்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதாதீர்கள்

முதல் வரைவில் "உலகத் தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகம்" என்று வந்தது இல்லையா? யூகாஸில் அதிகபட்சம் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஐந்துக்கும் போவது ஒரே ஸ்டேட்மென்ட். யாருக்கு எந்த வரி என்று மாற்றி எழுத முடியாது. லண்டன் யூசிஎல்-லின் புள்ளியியல் துறை 1911-ல் கார்ல் பியர்சன் தொடங்கியது, உலகிலேயே முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை. உண்மைதான். ஆனால் அதை எழுதினால் அந்தத் துறையில் இருப்பவருக்கு அது தெரிந்த செய்தி, மற்ற நான்கு இடத்தில் இருப்பவருக்கு நீங்கள் அவர்களை மனதில் வைத்து எழுதவில்லை என்ற செய்தி.

அப்படியானால் "புதிய கோர்ஸ் கொடுப்பது" என்று எதை எழுதுவது? ஐந்து கோர்ஸ்களின் மாட்யூல் பட்டியலையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்திலும் இருப்பதை மட்டும் எழுதுங்கள். நிகழ்தகவு, இன்ஃபெரன்ஸ், லீனியர் மாடல்ஸ் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். சோதனை வடிவமைப்பு சில இடத்தில் தனி மாட்யூலாக இருக்கும், சில இடத்தில் இருக்காது. அதை "படிக்கப் போகிறேன்" என்று எழுதினால் இல்லாத இடத்தில் இடறும். "என் கேள்வி அங்கிருந்து வந்தது" என்று எழுதினால் எங்கேயும் இடறாது. இந்தப் பட்டியல் வேலையில் இன்னொரு லாபம் உண்டு. ஐந்தில் ஒன்று பெயரில் மட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், உள்ளே பாதி பிசினஸ் மேனேஜ்மென்ட் என்று அப்போதுதான் கண்ணில் படும். அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடலாம்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது படித்தது எப்படித் தயார் செய்தது என்பதற்கு, நம் ஆட்கள் ரிசல்ட் ஷீட்டைத் திரும்ப எழுதுவார்கள். மார்க் ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கிறது. இங்கே வர வேண்டியது அந்த பேப்பர்கள் புதிய கோர்ஸில் எங்கே போய்ச் சேரும் என்பது. அவளுக்கு மேட்ரிசஸ்-லத்தீன் சதுரம் இணைப்பு இங்கேதான் வரும். பைத்தான் பேப்பர் இங்கே வரும். பிசிக்ஸ் லேபில் ஒரே அளவீட்டை மூன்று முறை எடுத்தால் மூன்று விடை வருவதைப் பார்த்த பழக்கமும் வரலாம். மெக்கானிக்கலில் இருந்த காலம் வீண் இல்லை என்று கோஷமாகச் சொல்வதைவிட, இப்படி இரண்டு பேப்பர்களைக் காட்டுவது நம்பும்படி இருக்கும்.

அரியர் இருந்தால்? அவளுக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸில் ஒன்று விழுந்து, அடுத்த செமஸ்டரில் கிளியர் ஆனது என்று வைத்துக்கொள்வோம். மார்க் பட்டியலில் அது தெரியத்தான் போகிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்க கிராபிக்ஸ் தேவையில்லை, ஆகவே ஸ்டேட்மென்டில் அதற்கு ஒரு கேரக்டர்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கணித பேப்பரில் அரியர் என்றால் நிலைமை வேறு. அப்போது பேசாமல் இருக்க முடியாது. எப்போது விழுந்தது, எப்போது எவ்வளவு மார்க்கில் எழுந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனது, வீட்டில் இழப்பு போன்றவை இருந்தால் அவற்றுக்கான இடம் ஸ்டேட்மென்ட் இல்லை. பரிந்துரை எழுதும் ஆசிரியரின் படிவத்தில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவரிடம் சொல்லி அங்கே எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் ஹெலிகாப்டர் மறுபடி வருகிறது. சர்டிபிகேட் பட்டியல் வேண்டாம். சிம்போசியத்தில் வாலன்டியர், ரத்ததான முகாம், வெப்பினார் எல்லாம் நல்ல விஷயம்தான், ஆனால் கேள்வியின் பின்பாதி "ஏன் பயன்படும்" என்று கேட்கிறது. அவள் என்ன செய்தாள் என்றால், அந்தச் சோதனையைப் பைத்தானில் ஆயிரம் முறை போலியாக நடத்திப் பார்த்தாள். இறக்கை நீளத்துக்கு விளைவு நிச்சயம் இருக்கிறது என்று அவளே எண்களை உருவாக்கினாள். அடுத்தடுத்த இரண்டு நீளங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், அளவீட்டில் தற்செயலாக வரும் பிழையின் திட்ட விலக்கத்துக்குச் சமம். பிறகு ஒவ்வொரு முறையும் லத்தீன் சதுரக் கணக்கைப் போட்டு, எஃப் 19-ஐத் தாண்டியது எத்தனை முறை என்று எண்ணினாள். ஆயிரத்தில் ஏறக்குறைய 180. விளைவு இருந்தும் ஐந்தில் நான்கு முறைக்கு மேல் அந்தச் சோதனை "இல்லை" என்கிறது. அவளுடைய 11 ஏன் தோற்றது என்பது இப்போது தெரிகிறது. நீங்களும் பத்துப் பதினைந்து வரியில் எழுதிப் பார்க்கலாம், எண் அந்தப் பக்கம்தான் வரும்.

இதற்கு 800 கேரக்டர் போதும். என்ன செய்தாள், என்ன எண் வந்தது, அதிலிருந்து அடுத்து எழுந்த கேள்வி என்ன. கடைசியாகச் சொன்னது முக்கியம். "எத்தனை முறை விட்டால் ஐந்தில் நான்கு முறை விளைவைப் பிடிக்கலாம், அதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா" என்று அவள் முடித்தால், படிப்பவருக்கு அவளை எந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இடப் பங்கீட்டைப் பொறுத்தவரை, முதல் பதிலுக்கு 1,700, இரண்டாவதற்கு 1,400, மூன்றாவதற்கு 800 என்று வைத்தால் 3,900 வருகிறது. மிச்சம் நூறைத் திருத்தத்துக்கு விட்டுவிடுங்கள். மூன்று பதிலிலும் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லாதீர்கள், மூன்றையும் ஒரே ஆள்தான் சேர்த்துப் படிக்கிறார்.

அனுப்புவதற்கு முன் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சீனியர் யாருடையதோ ஸ்டேட்மென்டிலிருந்து வரிகளை எடுக்காதீர்கள். வந்து சேர்ந்த விண்ணப்பங்களை முந்தையவற்றோடு மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒத்துப்போனால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகிறது. பரிந்துரை எழுதும் ஆசிரியரிடம் உங்கள் வரைவைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் என் பாதை" என்று எழுத, அவர் "எதிர்காலத்தில் சிறந்த டிசைன் இன்ஜினியராக வருவார்" என்று வாழ்த்தி அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். நல்ல மனதோடு செய்வார், ஆனால் நமக்கு அடி. ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்றால் கடைசி நாள் அக்டோபர் நடுவில், மற்ற பெரும்பாலான கோர்ஸ்களுக்கு ஜனவரி நடுவில். நம் செமஸ்டர் எக்ஸாமும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கும்.

அனுப்பிய பிறகு ஸ்டேட்மென்டைத் திருத்த முடியாது. அதனால் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்து விசாவுக்குப் போகும்போது "மெக்கானிக்கலை ஏன் விட்டீர்கள்" என்று நேரில் கேட்கலாம். மாதங்கள் கழித்து அங்கே நீங்கள் வாயால் சொல்வதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் மாணவிக்கு அது கஷ்டமில்லை: ஒன்பது ஹெலிகாப்டர், 11, 19 என்று ஆரம்பித்தால் போதும்.